ஒரு தாளில் ஒரு திகதி மட்டும் இருப்பதில்லை

கேள்வி: வணக்கம் சேர். கல்முனையில் ஒரு சட்டத்தரணியிடம் பயிலுநராகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. சீனியர் ஒரு தடித்த கோவையைத் தந்து, நடந்ததைத் திகதி வாரியாக எழுதிக்கொண்டு வரச் சொன்னார். வழக்குரை, மறுமொழி, நோட்டீஸ், கடிதங்கள், வங்கித் துண்டுகள், வட்ஸ்அப் படங்கள் எல்லாம் கலந்து கிடந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் இருந்த திகதியைப் பார்த்து வரிசையாக எழுதிக் கொடுத்தேன். "இது கடிதப் பட்டியல், நான் கேட்டது நிகழ்வுப் பட்டியல்" என்று திருப்பித் தந்துவிட்டார். எங்கே பிழை விட்டேன்?

பதில்:

தம்பி, சீனியர் சொன்ன அந்த ஒரு வசனத்திலேயே பிழை எது என்பது இருக்கிறது. நீங்கள் வரிசைப்படுத்தியது தாள்களை. அவருக்குத் தேவைப்பட்டது அந்தத் தாள்களுக்குள் இருக்கிற சம்பவங்கள். ஒரு கடிதத்தை எடுத்தால் அதில் குறைந்தது நான்கு திகதி இருக்கும்: தலையில் எழுதியிருக்கும் திகதி, தபாலில் போட்ட திகதி, மற்றவர் கையில் கிடைத்த திகதி, அப்புறம் கடிதத்துக்குள் "அன்று இப்படி நடந்தது" என்று சொல்லப்படும் சம்பவத்தின் திகதி. நான்கும் வேறு வேறு நாளாக இருக்கலாம், வழக்கு எதில் நிற்கும் என்பது கோவையை முழுதாகப் பார்க்கும்வரை தெரியாது. தலையில் இருப்பதை மட்டும் எடுத்தால் மற்ற மூன்றும் தொலைந்துவிடும்.

எழுதத் தொடங்குமுன் ஒரு சின்ன வேலை. கோவை வந்த ஒழுங்கைக் குலைக்க வேண்டாம். முழுவதையும் பிரதி எடுத்து, பிரதியின் வலது கீழ் மூலையில் 1 முதல் கடைசிவரை பக்க எண் போடுங்கள். மூலத்தில் பேனை படக்கூடாது. கடித உறைகளுக்கும் எண் வேண்டும், தாளின் பின்பக்கத்தில் ஏதாவது எழுதியிருந்தால் அதற்கும் வேண்டும். எல்லோரும் விட்டுவிடுவது உறையைத்தான். தபால் முத்திரை இருப்பது அதில்.

அப்புறம் இரண்டு பட்டியல். முதலாவது ஆவணப் பட்டியல், ஒரு ஆவணத்துக்கு ஒரு வரி. நீங்கள் செய்து கொடுத்தது கிட்டத்தட்ட இதுதான், அதை வீசிவிட வேண்டாம். இரண்டாவதுதான் காலவரிசை. அதில் ஒரு சம்பவத்துக்கு ஒரு வரி. ஒரே கடிதத்திலிருந்து ஐந்து வரி வரலாம், ஐந்து ஆவணம் சேர்ந்து ஒரே வரியாகவும் வரலாம். வரிக்கு வரி இவை இருக்கட்டும்: சம்பவத் திகதி, நடந்ததை ஒரே வசனத்தில், எந்த ஆவணம் எந்தப் பக்கம் எந்தப் பந்தி, அதைச் சொல்வது யார், மற்றப் பக்கம் அதற்கு என்ன சொல்கிறது. கடைசியில் குறிப்புக்கு ஒரு நிரல். அந்தக் கடைசி இரண்டும் இல்லாத காலவரிசையைச் சீனியர் நீதிமன்றத்துக்கு எடுத்துப் போக முடியாது.

இதை ஒரு கோவையில் வைத்துச் செய்து காட்டினால்தான் விளங்கும். ஆட்களும் திகதிகளும் தொகைகளும் நானே அமைத்தவை, ஆனால் இப்படியான சிக்கல்கள் எங்கள் பக்கத்துக் கோவைகளில் வந்துகொண்டேதான் இருக்கின்றன.

நாவிதன்வெளிப் பக்கத்து விவசாயி ஒருவர் பெரும்போக வெட்டு முடிந்த கையோடு சம்மாந்துறை ஆலைக்காரர் ஒருவருக்கு மூன்று லோடு நெல் கொடுக்கிறார். மொத்தம் 2,400,000 ரூபாய். எழுத்தில் உடன்படிக்கை எதுவும் இல்லை, கடைசி லோடு இறக்கி 30 நாளில் காசு என்று வாய்ப்பேச்சு. காசு வரவில்லை. பிறகு ஆலைக்காரர் ஒரு கடிதம் அனுப்புகிறார், விவசாயி சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம் அனுப்புகிறார், கடைசியில் வழக்கு.

இந்த வகை வழக்கில் திகதி ஏன் உயிர் என்றால், 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, விற்று ஒப்படைத்த பொருளின் காசுக்கு, அந்தக் கடன் செலுத்தவேண்டியதான நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் கிடைக்கும் ஆறு வருடம் இங்கே இல்லை. கடன்காரர் தன் கையொப்பத்தோடு எழுத்தில் கடனை ஏற்றுக்கொண்டாலோ, ஒரு பகுதியைச் செலுத்தினாலோ அந்த ஒரு வருடம் மறுபடி எண்ணப்படும். வாயால் ஏற்றுக்கொண்டது போதாது. அதனால் "எப்போது ஏற்றுக்கொண்டார், எப்போது கட்டினார், எப்போது வழக்குப் பதிவானது" என்ற மூன்று கேள்விக்கும் சரியான நாள் வேண்டும்.

சரி, கோவையைத் திறப்போம். முதல் தாள் வழக்குரை. கீழே 10.06.2024 என்று திகதி போட்டுக் கையொப்பம் இருக்கிறது. நீங்கள் முதலில் எழுதிய முறைப்படி இது "10.06.2024 - வழக்குத் தாக்கல்" என்று வந்திருக்கும். அது பிழை. அந்த நாளில் நடந்தது கையொப்பம் வைத்தது மட்டும்தான். முதல் பக்கத்தின் மேலே நீதிமன்றப் பதிவகத்தின் முத்திரை 12.07.2024 என்று இருக்கிறது, வழக்கேட்டின் முதல் ஜேர்னல் பதிவும் அதே நாள். வழக்கு நீதிமன்றத்துக்கு வந்த நாள் அதுதான். 32 நாள் வித்தியாசம். வழக்குரை, மறுமொழி, சத்தியக்கடதாசி எதுவானாலும் உள்ளே இருக்கும் திகதியை நம்பாமல் முத்திரையைப் பாருங்கள், முத்திரை மங்கியிருந்தால் ஜேர்னல் பதிவைப் பாருங்கள்.

அடுத்தது, வழக்குரையின் 6ஆம் பந்தி. "எதிராளி 15.06.2023 திகதிய கடிதத்தின் மூலம் கடனை ஏற்றுக்கொண்டார்." இதை அப்படியே "15.06.2023 - கடனை ஏற்றுக்கொண்டார்" என்று காலவரிசையில் எழுதக்கூடாது. வழக்குரை ஒரு சாட்சியம் இல்லை, அது வழக்காளி சொல்வது. எழுத வேண்டியது இப்படி: "எதிராளி கடனை ஏற்றுக் கடிதம் எழுதினார் என வழக்காளி கூறுகிறார் (வழக்குரை, பந்தி 6)." உடனே மறுமொழியைத் திறந்து அதே விடயத்துக்கு எதிராளி என்ன பதில் தந்திருக்கிறார் என்று பாருங்கள். இந்தக் கோவையில் மறுமொழி 4ஆம் பந்தி கடிதம் எழுதியதை ஏற்கிறது. ஏற்றுவிட்டு, அந்தத் திகதியைப் பிடித்துக்கொண்டு, ஏற்புக் கடிதம் 15.06.2023, வழக்குப் பதிவானது 12.07.2024, ஒரு வருடம் தாண்டி 27 நாள் போய்விட்டது, ஆகவே வழக்குக் காலம் கடந்தது என்று வாதிடுகிறது.

மறுமொழியை வாசிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். "வெளிப்படையாக ஏற்றுக்கொள்ளப்பட்டவை தவிர ஏனைய அனைத்தையும் மறுக்கிறார்" என்ற வசனம் எல்லா மறுமொழியிலும் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு எல்லா வரியிலும் "மறுப்பு" என்று போட வேண்டாம். பந்தி பந்தியாகப் போய், ஏற்கிறார், மறுக்கிறார், அறியார், பதிலே இல்லை என்று நான்காகப் பிரித்து எழுதுங்கள். இரண்டு பக்கமும் ஏற்கும் திகதிகளுக்குச் சாட்சி தேட வேண்டியதில்லை, சீனியருக்கு அங்கே பாதி வேலை குறையும்.

இப்போது அந்தக் கடிதத்துக்கே போவோம். கோவையில் அது மூன்று இடத்தில் இருக்கிறது: வழக்குரையோடு பி2 என்று இணைத்த பிரதி, மறுமொழியோடு இணைத்த பிரதி, அப்புறம் விவசாயி கொண்டுவந்து தந்த மூலம். மூன்றையும் மூன்று கடிதம் என்று எழுதிவிடாதீர்கள், ஒரே ஆவணம் மூன்று பக்க எண்ணில் என்று எழுதுங்கள். ஆனால் மூன்றையும் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிட்டே ஆக வேண்டும், ஒன்றில் பேனையால் திருத்தியிருக்கலாம், ஒன்றில் கையொப்பம் இல்லாமல் இருக்கலாம். இங்கே மூன்றும் ஒன்றாகத்தான் இருக்கின்றன. வித்தியாசம், மூலத்தோடு மட்டும் உறை இருக்கிறது. உறையில் தபால் முத்திரை 31.07.2023.

கடிதத்தில் போட்ட திகதிக்கும் தபால் முத்திரைக்கும் ஆறு கிழமைக்கு மேல் இடைவெளி. இது மட்டும் ஒன்றையும் நிரூபிக்காது, எழுதி வைத்துவிட்டுப் பிந்தித் தபாலில் போடுகிறவர்களும் உண்டு. அதனால் கடிதத்தை உள்ளே வாசிக்க வேண்டும். மூன்றாவது வசனம்: "இந்த நெல்லுக்காகப் போன கிழமை உங்கள் கணக்கில் போட்ட மூன்று இலட்சம் போக, மிச்சம் இருபத்தொரு இலட்சத்தைச் சிறுபோகத்தோடு தந்துவிடுவேன்." போன கிழமை போட்ட மூன்று இலட்சம் எது? வங்கித் துண்டுகளுக்குள் தேடினால் 300,000 ரூபாய் வைப்புச் செய்த துண்டு ஒன்று, 24.07.2023, திங்கட்கிழமை. விவசாயியின் கணக்குப் புத்தகத்திலும் அதே நாளில் அதே தொகை. அதற்கு முன்பு அந்தத் தொகையில் வேறு வைப்பு எதுவும் இல்லை.

ஜூலை 24ஆம் திகதி போட்ட காசைப் பற்றி ஜூன் 15ஆம் திகதி எழுத முடியாது. ஆக, கடிதத்தின் தலையில் இருக்கும் திகதி அந்தக் கடிதம் எழுதப்பட்ட நாள் இல்லை. உள்ளடக்கமும் தபால் முத்திரையும் சேர்ந்து, அது ஜூலை 24க்குப் பிறகு, 31ஆம் திகதிக்குப் பிந்தாமல் எழுதப்பட்டது என்று காட்டுகின்றன. அதைவிடப் பெரிது, அந்த வைப்பே ஒரு பகுதிக் கொடுப்பனவு. வழக்குரையில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை! 24.07.2023இலிருந்து எண்ணினால் 12.07.2024 ஒரு வருடத்துக்குள், 12 நாள் மிச்சம் இருக்கிறது. தலையில் உள்ள திகதிகளை மட்டும் வரிசைப்படுத்தியிருந்தால் இரண்டு விதமாகப் பிழை விட்டிருப்பீர்கள்: வழக்குரையில் இருந்த 10.06.2024ஐயும் கடிதத்தின் 15.06.2023ஐயும் பார்த்து "காலத்துக்குள்தான்" என்று நிம்மதியாக இருந்திருப்பீர்கள், எதிர்ப்பக்கம் முத்திரையைக் காட்டியதும் பதில் இல்லாமல் போயிருக்கும்.

இந்த இடத்தில் காலவரிசை எழுதுகிறவர் தன் எல்லையை அறிந்திருக்க வேண்டும். "பொய்த் திகதி போட்டார்" என்று எழுதக்கூடாது. பழைய கடிதத்தைக் கணினியில் திறந்து, திகதியை மாற்ற மறந்துவிட்டு அச்சடித்திருக்கலாம், நமக்குத் தெரியாது. குறிப்பு நிரலில் இப்படி எழுதுங்கள்: "கடிதத் திகதி 15.06.2023. உறை முத்திரை 31.07.2023 (ப. 47). வசனம் 3 குறிப்பிடும் வைப்பு 24.07.2023 (ப. 52). மூன்றும் பொருந்தவில்லை." முடிவு சொல்வது சீனியரின் வேலை. வழக்குரையைத் திருத்த அனுமதி கேட்பதா, ஆலைக்காரரைக் குறுக்கு விசாரணையில் இந்த வசனத்தில் நிறுத்துவதா என்று அவர்தான் தீர்மானிப்பார். நீங்கள் பொருத்தமின்மையை மறைக்காமல் முன்னால் கொண்டுவந்து வைக்க வேண்டும். அந்த வரியைக் காலவரிசையில் 2023-07-31இல் வைத்து, 2023-06-15இலும் ஒரு வெற்று வரி போட்டு "2023-07-31 பார்க்க" என்று எழுதுங்கள். யாராவது பழைய திகதியைத் தேடி வந்தால் வழி தவறாது.

இன்னொரு பொறி எங்கள் ஊர்ப் பொறி. விவசாயியின் கொப்பியில் மூன்றாவது லோடுக்கு நேரே "மாசி 25" என்று எழுதியிருக்கிறது. இங்கே நாங்கள் பெப்ரவரியையும் மாசி என்றுதான் சொல்வோம், அப்படியானால் 25.02.2023. ஆனால் பழைய ஆட்கள் சிலர் பஞ்சாங்க மாதத்தில் எழுதுவார்கள், அப்படிப் பார்த்தால் அது மார்ச் 9 அளவில் வரும். 12 நாள் வித்தியாசம், கடன் செலுத்தவேண்டிய நாளும் அதோடு சேர்ந்து நகரும்: ஒரு கணக்கில் மார்ச் 27, மற்றதில் ஏப்ரல் 8. எது சரி என்று நீங்களாக ஊகிக்க வேண்டாம். அதே கொப்பியில் திகதி உறுதியாகத் தெரிந்த வேறு பதிவு ஒன்றைப் பிடியுங்கள். இந்தக் கொப்பியில் முதல் லோடு "மாசி 10", நிறுவைத் துண்டு 22.02.2023. ஆகவே அவர் எழுதியது பஞ்சாங்க மாதம். மூன்றாம் லோடின் நிறுவைத் துண்டும் 09.03.2023 என்று வந்து பொருந்துகிறது. காலவரிசையில் 2023-03-09 என்று போட்டு, குறிப்பில் "கொப்பியில் மாசி 25" என்று அவர் எழுதியபடியே எழுதுங்கள். மூலச் சொல்லை ஒருபோதும் அழித்துவிட்டு மாற்றுத் திகதியை மட்டும் விட வேண்டாம்.

வட்ஸ்அப் படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. திரையைப் படம் பிடித்துக் கொண்டுவருவார்கள், மேலே "நேற்று" என்றோ கிழமைப் பெயரோ மட்டும் இருக்கும், படம் பிடித்த நாள் தெரியாவிட்டால் அது எந்த நாள் என்றே சொல்ல முடியாது. கட்சிக்காரரைத் தொலைபேசியோடு வரச்சொல்லி, உரையாடலை முழுதாக ஏற்றுமதி செய்து எடுங்கள், அதில் ஒவ்வொரு செய்திக்கும் நாளும் நேரமும் வரும். அங்கேயும் 03/04 என்று இருந்தால் அது மார்ச் 4ஆ, ஏப்ரல் 3ஆ என்று தொலைபேசியின் அமைப்பைப் பொறுத்தது. 12க்கு மேற்பட்ட எண் வரும் ஒரு திகதியை அதே கோப்பில் தேடிப் பார்த்தால் எது நாள், எது மாதம் என்று தெரிந்துவிடும்.

நோட்டீஸுக்கு மூன்று வரி போடுங்கள். இந்தக் கோவையில் கோரிக்கைக் கடிதம் 03.05.2024 திகதி, பதிவுத்தபால் பற்றுச்சீட்டு 07.05.2024, கடிதத்தில் "கிடைத்து 14 நாளுக்குள்" என்று இருக்கிறது. கிடைத்த நாளுக்குத் தாள் எதுவும் இல்லை. அப்படியானால் அந்த வரியை வெறுமையாக விட்டு "ஆதாரம் இல்லை, தபாலகத்தில் விசாரிக்க வேண்டும்" என்று எழுதுங்கள். பற்றுச்சீட்டுத் திகதியோடு இரண்டு நாள் கூட்டி ஒரு திகதியை நீங்களே உண்டாக்கக்கூடாது. பிறகு எதிர்ப்பக்கச் சட்டத்தரணி "இந்தத் திகதி எங்கிருந்து வந்தது" என்று கேட்கும்போது உங்கள் காலவரிசையின் மற்ற வரிகள் மீதும் சந்தேகம் விழும்.

கணினியில் எழுதுவதானால், எக்செல்லில் 15.06.2023 என்று அடித்தால் பல கணினிகளில் அது திகதியாக எடுபடாது, வரிசைப்படுத்தும்போது மாதத்தைப் பார்க்காமல் முதலில் உள்ள 15ஐப் பார்த்து அடுக்கும். திகதி நிரலை முதலில் Text என்று மாற்றிவிட்டு, 2023-06-15 என்று ஆண்டு, மாதம், நாள் ஒழுங்கில் அடியுங்கள். மாதம் மட்டும் தெரிந்தால் 2023-03 என்று விடுங்கள், அது அந்த மாதத்தின் முதல் நாளுக்கும் மேலே போய் நிற்கும். "வெட்டு முடிந்த பிறகு" என்று மட்டும் இருந்தால் திகதி போட வேண்டாம், அதற்கு முன்னால் நடந்தது எது, பின்னால் நடந்தது எது என்று பார்த்து அந்த இடைவெளியைக் குறிப்பில் எழுதுங்கள்.

சமரசப் பேச்சுக்காக எழுதப்பட்ட, "உரிமைக்குப் பாதிப்பின்றி" என்று தலையில் போட்ட கடிதங்களும், கட்சிக்காரர் எங்கள் அலுவலகத்துக்கு எழுதியவையும் உங்கள் வேலைப் பட்டியலில் இருக்கலாம், ஆனால் தனி நிறத்தில். நீதிமன்றத்துக்கோ எதிர்ப்பக்கத்துக்கோ போகும் பிரதியில் அந்த வரிகள் இருக்கக்கூடாது. அதைச் சீனியரிடம் கேட்காமல் நீங்களாக நீக்கவும் வேண்டாம், சேர்க்கவும் வேண்டாம்.

எழுதி முடித்ததும் மேலிருந்து கீழே ஒருமுறை, வரிகளை விட்டுவிட்டு இடைவெளிகளை மட்டும் வாசியுங்கள். நான் காட்டிய கோவையில் ஆகஸ்ட் 2023இலிருந்து மே 2024வரை ஒரு தாளும் இல்லை, ஒன்பது மாதம். இவ்வளவு பெரிய கடனுக்கு அத்தனை மாதம் இருவரும் பேசாமல் இருந்திருக்க மாட்டார்கள். சிறுபோக நெல் விற்றபோது ஏதாவது கொடுத்தாரா, தொலைபேசியில் பேசினார்களா, யாராவது நடுவில் நின்று பேசினார்களா என்று கட்சிக்காரரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அவர் வரும்போது வீட்டில் கிடக்கும் பழைய உறைகளையும் வங்கிப் புத்தகத்தையும் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள், கிழிந்திருந்தாலும் பரவாயில்லை என்று சொல்லுங்கள்.